கசிவு தொடங்கும் இடம்

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் 1 அங்குல பிவிசி குழாயில் எல்போ பொருத்த வேண்டும். குழாய்மீது காகிதத்தை ஓரங்கள் ஒன்றும்படி சுற்றிக் கோடு போட்டு அறுத்தால் வெட்டு நேராக வரும். கோணல் வெட்டில் ஒட்டும் பரப்பு குறையும்.

பிறகு உள்ளும் வெளியும் பிசிறைச் சுரண்டி, வெளிவிளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிட வேண்டும். கூரான விளிம்பு, எல்போவுக்குள் தடவிய சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும். அந்த வறண்ட தடம் வழியேதான் தண்ணீர் கசியும்.

அடுத்து, சொல்யூஷன் தடவாமல் செருகிப் பாருங்கள். எல்போவின் வாய் உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் குழாய் மூன்றில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு ஆழத்துக்குள் இறுக வேண்டும். தொளதொளவென அடிவரை போனால் எல்போவை மாற்றிவிடுங்கள். அந்த இடைவெளியைச் சொல்யூஷன் அடைக்காது.