பன்னிரண்டு நிமிடத்தில் ஜெர்மனி

பாஸ்வேர்டு சரி. போனில் கேட்ட எண்ணையும் சரியாகத்தான் தட்டியிருக்கிறார். ஆனாலும் அலுவலக மெயில் திறக்கவில்லை. `You cannot access this right now` என்று திரை கைவிரிக்கிறது. வெளிநாட்டுக்கு அலுவலக வேலையாகப் போய்வருபவர்களில் பலர் இந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரும் வரியை மட்டும் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை: `Your sign-in was successful but does not meet the criteria to access this resource`. நீங்கள் கொடுத்த விவரமெல்லாம் சரிதான், ஆனால் எங்கிருந்து, எந்தக் கருவியில் வருகிறீர்கள் என்பதில் ஏதோ இடிக்கிறது என்கிறது அந்த வரி. எனவே பாஸ்வேர்டை நாலு முறை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

இப்படி இடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பயணிகளை அதிகம் படுத்துவது ‘இம்பாசிபிள் டிராவல்’, அதாவது நடக்கவே முடியாத பயணம். மைக்ரோசாஃப்ட் கணக்குகளை வைத்து இயங்கும் அலுவலகங்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மற்ற நிறுவனங்களின் மென்பொருளிலும் அடிப்படைக் கணக்கு இதுவேதான்.

சென்னை நிறுவனம் ஒன்றின் ஊழியர் ஃபிராங்க்ஃபர்ட் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை அங்கே மணி 8.28. படுக்கையில் இருந்தபடியே போனில் டீம்ஸைத் திறந்து உள்நுழைகிறார். பிறகு மேசைக்கு வந்து, ஹோட்டல் வைஃபையில் லேப்டாப்பை இணைத்து, 8.40க்கு மெயிலில் நுழையப் பார்க்கிறார். கதவு சாத்திவிட்டது. சென்னையில் உள்ள சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. முதல் நுழைவு சென்னையில், இரண்டாவது ஃபிராங்க்ஃபர்ட்டில். இரண்டு ஊருக்கும் வான்வழித் தூரம் சுமார் 7,500 கிலோமீட்டர். இடைவெளியோ 12 நிமிடம். மணிக்கு 37,500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால்தான் இது சாத்தியம். பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறக்கும். ஆக, இரண்டு பேர் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள், அவர்களில் ஒருவர் திருடர் என்று மென்பொருள் முடிவு கட்டுகிறது.

ஆள் இருந்தது ஒரே அறையில். போன் மட்டும் எப்படிச் சென்னையில் இருந்தது? சிக்கலின் மர்மம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நம் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் இணையம் பார்க்கும்போது, அந்தத் தரவு பொதுவாக அந்த நாட்டிலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. ஜெர்மன் கோபுரம் அதை வாங்கி, ஒரு தனிக் குழாய் வழியாக இந்தியாவில் உள்ள நம் தொலைபேசி நிறுவனத்துக்கே அனுப்புகிறது. இணையத்துக்குள் அது நுழைவது அங்கிருந்துதான். கட்டணக் கணக்கையும் கட்டுப்பாட்டையும் தன் கையில் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு இது வசதி. அதனால் ஃபிராங்க்ஃபர்ட் படுக்கையில் கிடக்கும் போனின் ஐபி முகவரி இந்திய முகவரியாகவே தெரியும். ஹோட்டல் வைஃபையின் முகவரியோ ஜெர்மனியுடையது. ஒரே ஆள், ஒரே அறை, இரண்டு நாடு.

பயணத்துக்கென்று மலிவாகக் கிடைக்கும் இ-சிம் வாங்கினால் குழப்பம் இன்னும் கூடலாம். அவற்றில் சில மூன்றாவது ஒரு நாட்டின் வழியாக இணையத்தை எட்டுகின்றன. ஜெர்மனியில் நின்றுகொண்டு நீங்கள் சிங்கப்பூர்க்காரராகத் தெரிவீர்கள். விபிஎன் போட்டாலும் இதே கதைதான். தடை விழுந்ததும் ‘இந்தியாவில் இருப்பது போலக் காட்டிவிடலாம்’ என்று இலவச விபிஎன் ஒன்றை இறக்கி முயல்கிறவர்கள் உண்டு. பதிவேட்டில் ஊர் எண்ணிக்கை ஒன்று கூடும், சந்தேகமும் கூடும். தவிர, திருடர்களும் அதே விபிஎன் முகவரிகளில்தான் உலவுகிறார்கள்.

மென்பொருளும் அவ்வளவு முட்டாள் இல்லை. மைக்ரோசாஃப்டின் ‘அடிப்பிகல் டிராவல்’ என்ற இன்னொரு கண்காணிப்பு, ஒருவரின் வழக்கத்தை முதல் 14 நாட்களிலோ முதல் 10 உள்நுழைவுகளிலோ, எது முன்னால் முடிகிறதோ அதில், கற்றுக்கொள்கிறது. தெரிந்த விபிஎன்களையும், அதே நிறுவனத்தின் மற்ற ஊழியர்கள் வழக்கமாக வரும் இடங்களையும் கழித்துப் பார்க்கவும் முயல்கிறது. அதனால் மாதத்துக்கு இருமுறை ஜெர்மனி போகும் மேலாளருக்கு ஒன்றும் ஆகாது. முதல் தடவையாகப் போகிறவர்தான் மாட்டுவார், அதுவும் பெரும்பாலும் முதல் நாள் காலையிலேயே.

சரி, தடையை நீக்கச் சொல்லி ஐடி பிரிவுக்கு என்ன எழுதுவது? வழக்கமாக வரும் கடிதம் எப்படி இருக்கும் என்பது ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்: ‘கிளையன்ட் மீட்டிங் இன்னும் அரை மணியில், மிக அவசரம், உடனே திறந்துவிடுங்கள்.’ இதில் உள்ள சங்கடம், ஒரு திருடன் எழுதினாலும் இதையேதான் எழுதுவான் என்பது. அவசரத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஐடிக்காரர் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய விவரம்தான் கடிதத்தில் வேண்டும்.

பெரும்பாலான அலுவலகங்களில் இது ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளே இருக்க வேண்டியது ஏறக்குறைய இதுதான்:

“ஐடி சப்போர்ட் குழுவினருக்கு வணக்கம். நான் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பணியாளர் எண் கீழே உள்ளது. திங்கள் முதல் அடுத்த வெள்ளி வரை அலுவலக வேலையாக ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறேன். பயண ஒப்புதல் என் மேலாளரிடமும் டிராவல் டெஸ்க்கிலும் இருக்கிறது. இன்று காலை இங்கே 8.40க்கு, இந்திய நேரம் பகல் 12.10, ஹோட்டல் வைஃபையில் அலுவலக லேப்டாப்பில் அவுட்லுக் திறந்தபோது தடை வந்தது. பிழை எண் 53003. `Correlation Id`, `Timestamp` தெரியும் திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். அதற்கு முன் 8.28க்கு இந்திய சிம் ரோமிங்கில் என் போனில் டீம்ஸில் நுழைந்தேன். அந்த நுழைவு இந்தியாவிலிருந்து வந்ததாகத் தெரிந்திருக்கலாம். இரண்டும் நான்தான். இந்த இரண்டைத் தவிர இன்று வேறு உள்நுழைவு உங்கள் பதிவில் இருந்தால் அது நான் அல்ல, தயவுசெய்து சொல்லுங்கள். நான் கேட்காத அப்ரூவல் எதுவும் போனுக்கு வரவில்லை. ஹெச்.ஆர். பதிவில் உள்ள என் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை வரை ஜெர்மனியிலிருந்து நுழைய வழி செய்தால் போதும். சரிபார்ப்பு முறையை நீக்க வேண்டாம்.”

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தடைத் திரையில் `More details` என்ற இணைப்பை அழுத்தினால் பிழை எண், `Correlation Id`, நேரம், ஐபி முகவரி, கருவியின் விவரம் எல்லாம் வரும். 53003 என்ற எண் ‘நிறுவனத்தின் விதி ஒன்று தடுத்தது’ என்று மட்டுமே சொல்லும். எந்த விதி என்பது ஐடிக்காரருக்குத்தான் தெரியும். அதனால்தான் கடிதம் ‘இம்பாசிபிள் டிராவல் தடையை நீக்குங்கள்’ என்று அடித்துச் சொல்லாமல், நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறது. நேரம் இன்னொரு வம்பு. திரையில் தெரியும் `Timestamp` இறுதியில் Z என்று இருந்தால் அது யுடிசி நேரம்; கோடைக்கால ஜெர்மனிக்கு இரண்டு மணி நேரமும் நமக்கு ஐந்தரை மணி நேரமும் பின்னால் இருக்கும். 8.40 என்று மொட்டையாக எழுதினால், சென்னையில் இருப்பவர் காலை 8.40 பதிவுகளைத் தேடிவிட்டு ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்பார்.

‘வேறு உள்நுழைவு இருந்தால் அது நான் அல்ல’ என்ற வரியைத்தான் நான் கடிதத்தின் உயிர் என்பேன். மென்பொருள் சில சமயம் சரியாகவே சொல்லியிருக்கும். நீங்கள் எதுவும் செய்யாத நேரத்தில் போனில் அப்ரூவல் கேட்டு வந்திருந்தால், உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது என்று பொருள். அப்போது கேட்க வேண்டியது தடை நீக்கம் அல்ல, கணக்கை இன்னும் இறுக்கிப் பூட்டுவது.

கடிதம் எந்த வழியில் போகிறது என்பதும் முக்கியம். அலுவலக மெயில் பூட்டியிருக்க, ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் ஐடிக்காரர் அதை நம்பக் கூடாது. நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனத்தை ஒரு சைபர் தாக்குதல் முடக்கியது. அதன் ஹெல்ப் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத காக்னிசன்ட். ஊழியர் போலப் பேசியவனுக்கு யார் என்று சரிபார்க்காமலே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார்கள் என்று கூறி, 2025 ஜூலையில் கலிஃபோர்னியாவில் குளோராக்ஸ் வழக்குப் போட்டது. கேட்கும் இழப்பீடு சுமார் 38 கோடி டாலர். தங்களுடையது குறுகிய ஹெல்ப் டெஸ்க் வேலை மட்டுமே, சைபர் பாதுகாப்பு தங்கள் பொறுப்பில் இல்லை என்பது காக்னிசன்ட்டின் பதில். தீர்ப்பு எப்படி வந்தாலும், ஹெல்ப் டெஸ்க்கில் உள்ளவர் நம்மைத் திருப்பி அழைத்து ஆயிரம் கேள்வி கேட்டால் எரிச்சல்படுவதற்கு ஒன்றுமில்லை.

மேலாளர் தன் கணக்கிலிருந்து டிக்கெட் போடுவது நல்ல வழி. இல்லையென்றால் கிளம்பும் முன்பே குறித்து வைத்த எண்ணில் ஹெல்ப் டெஸ்க்கை அழைத்து, அவர்கள் திருப்பி அழைக்கக் காத்திருக்கலாம். கடிதத்திலோ போனிலோ பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சொல்லவே கூடாது. உண்மையான ஐடிக்காரருக்கு அவை தேவைப்படாது.

மறுமுனையில் இருப்பவர் இரண்டு நுழைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். லேப்டாப் நிறுவனத்தில் பதிவான அதே கருவியா? போனின் முகவரி இந்தியத் தொலைபேசி நிறுவனத்துடையதா? பயணத் தேதி ஒத்துப்போகிறதா? மெயில் பெட்டியில் கடிதங்களை வெளியே திருப்பிவிடும் புது விதி ஏதாவது முளைத்திருக்கிறதா? கணக்கைத் திருடியவர்கள் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று இந்தக் கடைசி விஷயம். எல்லாம் சரியென்றால் அவர் திரையில் `Confirm sign-in safe` என்றோ `Dismiss user risk` என்றோ அழுத்துவார். ஒன்று இடித்தாலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் உங்களை வெளியேற்றி, புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்வார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் காலை போன் மறுபடி சென்னையில் இருக்கும், லேப்டாப் ஜெர்மனியில் இருக்கும். கடிதத்தில் கடைசித் தேதி கேட்டிருப்பது இதற்காகத்தான். அந்தத் தேதி வரை ஜெர்மனியிலிருந்து வரும் நுழைவுகளுக்கு மட்டும் ஐடி பிரிவு விலக்கு தரலாம். பல நிறுவனங்களில் விலக்கு கொடுக்க மறப்பதில்லை, எடுக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். விலக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: போனையும் ஹோட்டல் வைஃபையிலேயே போட்டுவிடலாம், அல்லது ரோமிங் பேக் தாங்குமென்றால் லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிடலாம். எதுவாக இருந்தாலும் இரண்டு கருவியும் ஒரே வழியில் போக வேண்டும்.