எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில்

மொத்த வியாபாரி ஒருவரின் இணையதளத்தில் லாகின் செய்து பழைய பில் ஒன்றைத் திறக்கும்போது, பிரவுசரின் மேலே உள்ள முகவரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
https://kadai.example/invoice?id=48213
```

கடைசியில் உள்ள 48213 என்பது டேட்டாபேஸில் அந்த பில்லின் அடையாள எண். அதை அழித்துவிட்டு 48214 என்று தட்டினால் என்ன ஆக வேண்டும்? அந்த எண்ணுள்ள பில்லும் அதே வாடிக்கையாளருடையது என்றால் திறக்கலாம். வேறொருவருடையது என்றால் "அப்படி எதுவும் இல்லை" என்ற பதில்தான் வர வேண்டும். ஆனால் பல தளங்களில் அடுத்தவர் பில் அப்படியே திறந்துவிடுகிறது. இணையப் பாதுகாப்புத் துறையில் இந்த ஓட்டையை 'ஐடார்' என்கிறார்கள். மென்பொருள் ஓட்டைகளைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு 2007 முதலே இதைக் குறிப்பிட்டுவருகிறது. இது அடங்கியுள்ள 'அனுமதிச் சோதனைக் குறைபாடு' என்ற பெரிய வகை, 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

ஒரு பில்லில் அப்படி என்ன ரகசியம் என்று கேட்கலாம். ஜிஎஸ்டி பில்லில் வாங்கியவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வாங்கிய பொருள், அளவு, விலை, தள்ளுபடி எல்லாம் இருக்கின்றன. பம்ப் உதிரிபாகம் வாங்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர், எதிர்த்த கடைக்குக் கொடுக்கப்பட்ட விலையை இதில் பார்த்துவிடலாம். மருந்துக்கடை பில் என்றால் ஒருவரின் நோயே தெரிந்துவிடும். மோசடிக்காரர் கையில் கிடைத்தால் கதை இன்னும் மோசம். பில் எண், தேதி, தொகை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வரும் தொலைபேசியை யாரும் எளிதில் சந்தேகிக்க மாட்டார்கள்.

இந்த ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க நிரலின் ஒரே வரி போதும். மேலே உள்ள முகவரி சர்வருக்குப் போனதும், அங்குள்ள நிரல் எண்ணை மட்டும் பிரித்தெடுத்து டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கிறது:

```
SELECT * FROM invoices WHERE id = 48214;
```

டேட்டாபேஸ் பில்லைக் கொடுத்துவிடும். கேட்பது யார் என்று அது பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. லாகின் இருக்கிறதே என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் ஏமாற்றம். உள்ளே வந்தவர் யார் என்ற கேள்விக்குத்தான் லாகின் பதில் சொல்கிறது. அவர் கேட்கும் பொருள் அவருடையதா என்பது வேறு கேள்வி. அதை ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பில்லுக்கும் தனியாகக் கேட்டாக வேண்டும். கேட்க மறந்த நிரல் எந்தக் குறையும் இல்லாததுபோலவே ஓடும். எழுதியவர் தன் கணக்கில் நுழைந்து தன் பில்லைத் திறந்து பார்ப்பார், சரியாக வரும். அடுத்தவர் எண்ணைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றுவதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் நிறுவனத்தின் கதை நல்ல சாட்சி. வீடு, நிலம் வாங்குபவர்களுக்கு உரிமைப் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று காப்பீடு கொடுக்கும் பெரிய நிறுவனம் அது. ஒரு கிரயத்துக்கான ஆவணங்களைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பிவந்தது. இணைப்பின் முகவரிக்குள் ஆவணத்தின் எண் இருந்தது. எண்கள் வரிசையாகப் போயின. ஓர் எண்ணைக் கூட்டினாலோ குறைத்தாலோ முன்பின் தெரியாத இன்னொருவரின் ஆவணம் திறந்தது. இங்கே லாகின்கூடத் தேவைப்படவில்லை. பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் 2019 மே மாதம் இதை வெளியிட்டபோது, 2003 வரை பின்னோக்கிச் செல்லும் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்தன. வங்கிக் கணக்கு எண்கள், அடமான, வரி ஆவணங்கள், சமூகப் பாதுகாப்பு எண்கள், ஓட்டுநர் உரிமப் படங்கள் எல்லாம் அவற்றில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை விட இன்னொன்று. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் குற்றச்சாட்டின்படி, இந்த ஓட்டை 2014-இலேயே உண்டாகிவிட்டது. 2018 டிசம்பரில் நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புச் சோதனையிலேயே கண்டுபிடிக்கவும்பட்டது. ஆனால் ஆபத்து குறைவு என்று தவறாக வகைப்படுத்தப்பட்டு, சரிசெய்யப்படாமல் கிடந்தது. இந்த வகை ஓட்டையைத் தாளில் படிக்கும்போது அற்பமாகத்தான் தெரியும்: "முகவரியில் எண்ணை மாற்றினால் வேறு ஆவணம் வருகிறது." ஒரே ஒரு ஆவணம்தானே என்று மனம் சமாதானம் செய்துகொள்கிறது. எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் பத்து வரி நிரல் ஒரே இரவில் எத்தனை ஆவணங்களை இறக்கிக்கொள்ளும் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2021-இல் அந்த நிறுவனத்துக்கு 4,87,616 டாலர் அபராதம் விதித்தது. 2023-இல் நியூயார்க் மாநிலத்துக்கு 10 லட்சம் டாலர் கட்டி அங்குள்ள வழக்கை நிறுவனம் முடித்துக்கொண்டது.

பம்ப் வியாபாரியின் தளத்துக்குத் திரும்பினால், சரிசெய்யும் வேலை வெளியில் தெரிவதை விடச் சிறியது. கேள்வியோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்:

```
SELECT * FROM invoices
WHERE id = 48214 AND customer_id = 917;
```

48214 என்ற பில் 922-ஆம் வாடிக்கையாளருடையது என்றால் இப்போது டேட்டாபேஸ் எதையும் கொடுக்காது. இதில் முக்கியமான இடம், 917 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது. லாகின் செய்தவுடன் சர்வர் பிரவுசருக்கு ஊகிக்க முடியாத நீண்ட சரம் ஒன்றைக் குக்கியாகக் கொடுக்கிறது. அந்தச் சரம் யாருடையது என்ற குறிப்பு சர்வரிடமே இருக்கிறது. 917 அந்தக் குறிப்பிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அதை முகவரியின் வாலில் `&customer_id=917` என்று ஒட்டி அனுப்பியோ, படிவத்தில் மறைத்துவைத்தோ வாங்கிக்கொள்ளும் நிரல்களும் இருக்கின்றன. பிரவுசரிலிருந்து வரும் எதையும் பயனர் மாற்றி அனுப்ப முடியும் என்பதால், அது பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட கதைதான்.

பில் அவருடையது அல்ல என்றால் என்ன பதில் சொல்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற 403 பதில், அந்த எண்ணில் ஒரு பில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறது. இல்லாத எண்ணுக்கும் அடுத்தவர் எண்ணுக்கும் ஒரே மாதிரி 404 பதில் கொடுப்பது நல்லது.

எண்ணையே ஊகிக்க முடியாததாக ஆக்கிவிட்டால் போதாதா என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. யூயூஐடி எனப்படும் நீண்ட அடையாளங்களின் பொதுவான வகையில் 122 பிட்டுகள் தற்செயலாக அமைகின்றன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் முகவரி என்பது ஒளித்துவைக்கப்படும் பொருள் அல்ல. அது பிரவுசர் வரலாற்றில் தங்குகிறது, சர்வர் பதிவேட்டில் ஏறுகிறது, வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகிறது. தெரிந்தவர் எல்லாம் பார்க்கலாம் என்ற நிலை, அனுமதிச் சோதனைக்கு ஈடாகாது. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண்கள் 16 எழுத்துகளுக்கு மிகாமல், தொடர் வரிசையில் இருக்க வேண்டும். ஆக பில் எண்ணையே முகவரியில் வைத்தால், அடுத்த பில்லின் முகவரி எது என்பதைச் சட்டமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மாதத் தொடக்கத்தில் ஒரு பில்லும் கடைசியில் ஒரு பில்லும் வாங்கிய வாடிக்கையாளருக்கு இடையில் எத்தனை பில் போடப்பட்டது என்பதும் தெரியும்.

சில இணைப்புகள் லாகின் இல்லாமலே திறக்க வேண்டியவை; எஸ்எம்எஸ்ஸில் வரும் பில் இணைப்பு அப்படிப்பட்டது. அங்கே இணைப்பே சாவி. ஆகவே அது நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும், சில நாட்களில் காலாவதியாவதாகவும், அந்த ஒரு பில்லை மட்டும் திறப்பதாகவும் இருக்க வேண்டும்.

பில் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. அதே பில்லுக்குப் பல வாசல்கள் இருக்கும். பிடிஎஃப் கோப்பு `/pdf/INV-48214.pdf` என்ற இடத்தில் நேரடியாகக் கிடக்கலாம். அதைக் கேட்டால் வெப் சர்வர் நிரலைத் தொடாமலே எடுத்துக் கொடுத்துவிடும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிபந்தனை ஓடவே ஓடாது. மொபைல் செயலியில் முகவரிப் பட்டை இல்லை என்பதால் யாரும் எண்ணை மாற்ற முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். செயலிக்கும் சர்வருக்கும் இடையில் போகும் கோரிக்கையை நிறுத்தி, திருத்தி அனுப்பும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'பில்லை மீண்டும் மின்னஞ்சல் செய்', 'ரத்து செய்', 'முகவரியைத் திருத்து' போன்ற பொத்தான்களுக்குப் பின்னாலும் இதே எண்தான் போகிறது. அங்கே சோதனை இல்லையென்றால் அடுத்தவர் பில்லைப் பார்ப்பது மட்டுமல்ல, மாற்றவும் முடியும்.

இவ்வளவு வாசல்களிலும் ஒரே நிபந்தனையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் என்றாவது ஒன்று விட்டுப்போகும். விதியும் எப்போதும் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. கடையின் கணக்காளர் எல்லா பில்லையும் பார்க்க வேண்டும், கிளை மேலாளர் தன் கிளை பில்களை மட்டும், வாடிக்கையாளரின் ஆடிட்டர் அந்த வாடிக்கையாளருடையதை மட்டும். அதனால் 'இவர் இந்த பில்லைப் பார்க்கலாமா' என்ற கேள்வியை நிரலில் ஒரே இடத்தில் வைத்து, எல்லா வாசலும் அங்கே வந்து கேட்கும்படி அமைப்பதே சரியான வழி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இந்த விதியை அட்டவணையின் மீதே எழுதிவைக்கும் வசதி 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. அப்போது நிரலாளர் நிபந்தனையை மறந்தாலும் டேட்டாபேஸ் மறக்காது. ஆனால் அட்டவணையின் உரிமையாளர் கணக்கில் நிரல் ஓடினால், தனியாகக் கட்டாயப்படுத்தாதவரை இந்த விதி செல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தானியங்கி ஸ்கேனர்கள் இந்த ஓட்டையைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. சர்வர் 200 என்ற வெற்றிப் பதிலோடு ஒழுங்கான பில்லைக் கொடுக்கிறது; அந்த பில் யாருடையதாக இருக்க வேண்டும் என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. இதற்கான சோதனையில் இரண்டு கணக்குகள் வேண்டும். முதல் கணக்கில் ஒரு பில் போட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது கணக்கில் நுழைந்து அதே எண்ணைப் பக்கத்திலும் பிடிஎஃப்பிலும் செயலியின் கோரிக்கையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் பில் வந்தாலும் சோதனை தோல்வி. இதைத் தானாக ஓடும் சோதனையாக எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு யாராவது புதிய பக்கம் சேர்க்கும்போதும் அது காவல் காக்கும். சொந்தத் தளத்தில்தான் இதைச் செய்யலாம். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி எண்ணை மாற்றித் தரவை இறக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் கொண்டுபோய் விடலாம்.

ஓட்டை ஏற்கெனவே திறந்திருந்ததா, யாராவது பயன்படுத்தினார்களா என்பதைச் சர்வர் பதிவேடுதான் சொல்லும். ஒரே கணக்கிலிருந்து 48201, 48202, 48203 என்று நொடிக்கு ஒன்றாக எண்கள் ஏறிப் போயிருந்தால் அது சாதாரண வாடிக்கையாளர் அல்ல. எந்தக் கணக்கு எந்த பில்லைத் திறந்தது என்ற விவரம் பதிவேட்டில் இருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் இன்னார் என்று பிரித்துச் சொல்லலாம். இந்தியாவின் 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பதிவேட்டில் அந்த விவரமே இல்லாத நிறுவனம், யார் பில் போயிற்று என்று தெரியாமல் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.