குரோம்பேட்டைக்கு ரயில் உண்டா?

2024 ஜூலை 23 முதல் தாம்பரம் யார்டில் பணி நடந்தபோது, சென்னைக் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில்களில் பெரிய மாற்றத்தை ரயில்வே அறிவித்தது. காலை ஒன்பதரை வாக்கில் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரை வரைக்கும், இரவு பத்து மணிக்கு மேலும் பல ரயில்கள் ரத்து. அதற்கு ஈடாகக் கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரையும், கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரையும் சிறப்பு ரயில்கள். ‘ரயில்கள் ரத்து, சிறப்பு ரயில்கள் இயக்கம்’ என்று இரண்டு வரியில் செய்தி பரவியது.

அந்த இரண்டு வரியை நம்பிக் குரோம்பேட்டையில் இறங்க நினைத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்றுமில்லை. பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று அப்போது ஆறு நிலையங்கள் இருந்தன. சிறப்பு ரயில் ஓடிய இரண்டு துண்டுகளிலும் இந்த ஆறும் இல்லை. அறிவிப்பில் எந்தத் தகவலும் மறைக்கப்படவில்லை. ஆனால் அது ரயிலை மையமாக வைத்து எழுதப்பட்டது: ரயில் எண், புறப்படும் இடம், புறப்படும் நேரம், சேரும் இடம். பயணிக்கு வேண்டியதோ தன் நிலையத்தின் கணக்கு. ஒரு அட்டவணை மாற்றத்தைச் சுருக்கிச் சொல்ல உட்காருபவரின் வேலையே இந்த இடமாற்றம்தான். பட்டியலை நீளம் குறைத்து மறுபடி அச்சடிப்பது சுருக்கம் ஆகாது.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிப்பில் இருக்கும் நேரம் பெரும்பாலும் ரயில் கிளம்பும் இடத்தின் நேரம். கடற்கரையிலிருந்து மாம்பலத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம், தாம்பரத்துக்கு ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். எனவே கடற்கரையில் 10.10க்குக் கிளம்பும் ரயில் ரத்து என்றால், மாம்பலத்தில் நிற்பவருக்கு அது 10.35 ரயில். இதே காரணத்தால், ரத்து நேரம் 9.30க்குத் தொடங்குகிறது என்று படித்துவிட்டுக் குரோம்பேட்டைக்காரர் 9.30க்கே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 9.15க்குக் கடற்கரையை விட்ட ரயில் பட்டியலில் இல்லை என்று வைத்துக்கொண்டால், அது பத்து மணிக்குத்தான் அவர் நிலையத்தைத் தொடும். ரத்து முடியும் நேரத்திலும் இதே தாமதம் உண்டு; பிற்பகல் 1.30க்குக் கிளம்பும் முதல் ரயில் அவரிடம் வரும்போது மணி இரண்டே கால் ஆகியிருக்கும்.

இரவில் இன்னொரு குழப்பம் சேரும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 23.59க்கு ஒரு ரயில் உண்டு. அறிவிப்பில் வரும் தேதி, ரயில் கிளம்பும் நாளின் தேதி. 14ஆம் தேதி 23.59 ரயில் ரத்து என்றால், கிண்டியில் அதற்காகக் காத்திருப்பவரின் கைபேசி அந்நேரம் 15 என்றுதான் காட்டும். சுருக்கத்தில் ‘14ஆம் தேதி இரவு, விடிந்தால் 15’ என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ரயில்வேயின் 24 மணி நேரக் கணக்கை அப்படியே விடாமல் ‘இரவு 11.59’ என்று மாற்றுவதும் நல்லது.

அடுத்தது ‘பகுதியளவு ரத்து’ என்ற சொற்றொடர். அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். தாம்பரம் வரை போக வேண்டிய ரயில் பல்லாவரத்தோடு நின்றுவிட்டால், பல்லாவரத்துக்கு முன்னால் இருப்பவருக்கு அது வழக்கமான ரயில், பின்னால் இருப்பவருக்கு முழு ரத்து. இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் தப்பாகத்தான் போய்ச் சேரும். ரயிலை ஏன் பல்லாவரத்தில் நிறுத்துகிறார்கள், இன்னும் ஒரு நிலையம் தள்ளி நிறுத்தினால் என்ன என்று கோபம் வருவது இயல்பு. மின்சார ரயிலின் இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சினைத் திருப்ப வேண்டிய வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் வந்த பாதையிலிருந்து எதிர்ப்பாதைக்கு மாற இணைப்புத் தண்டவாளம் வேண்டும். அது எல்லா நிலையத்திலும் கிடையாது.

நின்ற ரயில் அங்கேயே தூங்குவதில்லை. அதே பெட்டித் தொடர்தான் திரும்பி வருகிறது. போகும் ரயில் பல்லாவரத்தோடு முடிந்தால், தாம்பரத்திலிருந்து வர வேண்டிய அதன் திரும்பு ரயில் பல்லாவரத்தில்தான் தொடங்கும். அறிவிப்பில் இது இன்னொரு எண்ணில், பல நேரம் அடுத்த பக்கத்தில் இருக்கும். காலை வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர், வீடு திரும்பும்போதுதான் அதைக் கண்டுபிடிப்பார்.

புதிதாகச் சேர்க்கும் ரயிலை அறிவிப்பதில் எல்லாருக்கும் உற்சாகம் அதிகம், விவரம் குறைவு. 2025 ஏப்ரல் 19இல் இதே தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. ‘புதிய ரயில்’ என்ற தலைப்புக்குக் கீழே தினசரிப் பயணி தேட வேண்டியவை வேறு. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண சீசன் டிக்கெட் அதில் செல்லாது. தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை. சாதாரண சீசன் வைத்திருப்பவரின் கணக்கில் அந்த ரயில் சேராது. அவருக்கு அது பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ரயில். இரண்டே வாரத்தில், பயணிகளின் கருத்தைக் கேட்ட பிறகு, மே 2 முதல் அதன் நேரங்களை மாற்றி எண்ணிக்கையையும் கூட்டினார்கள். ஒரு தடத்தில் புதிய ரயில் நுழையும்போது முன்னும் பின்னும் ஓடும் ரயில்கள் சில நிமிடம் நகர வேண்டிவரலாம் என்பதால், புதிய ரயிலின் வரியோடு அதன் அக்கம்பக்கத்து வரிகளையும் படித்துவிட வேண்டும்.

‘ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ரயில்கள் ஓடும்’ என்ற ஒற்றை வரி அறிவிப்பும் உண்டு. விடுமுறை நாட்களில் வரும். ரத்து என்ற சொல்லே அதில் இருக்காது. ஆனால் ஞாயிறு அட்டவணையில் ரயில்கள் குறைவு, எனவே அது ரத்துப் பட்டியல்தான்.

தாம்பரம் பணிக்குத் திரும்புவோம். குரோம்பேட்டைக்காரருக்கு எழுத வேண்டிய சுருக்கம் இவ்வளவுதான்: ‘ஜூலை 23 முதல், காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் இரண்டு வரை கடற்கரையிலிருந்து உங்கள் நிலையத்துக்கு வரும் ரயில்களை நம்ப வேண்டாம். பல்லாவரம் வரை சிறப்பு ரயில் உண்டு. அங்கே இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து பிடியுங்கள். இரவு பத்துக்கு மேலும் இதே நிலைமை.’ பேருந்து பற்றிய வரி ரயில்வே அறிவிப்பில் தேடினால் கிடைப்பது அரிது. மாநகரப் போக்குவரத்துக் கழகம் அந்நாட்களில் கூடுதல் பேருந்துகளைத் தனியாக அறிவித்தது. இரண்டு அலுவலகத்தின் தாளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவரால்தான் இந்தச் சுருக்கத்தை எழுத முடியும்.

முடிவுத் தேதியை எழுதும்போது ‘இப்போதைக்கு’ என்ற சொல்லையும் சேர்த்துவிடலாம். தாம்பரம் பணிக்கு முதலில் சொன்ன தேதி ஆகஸ்ட் 14. அது 18 வரை நீண்டது. நான்காவது பாதைக்காகப் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் 27இல் நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். ரயில் திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29இல்.