அம்மாவிடம் கேட்ட ஆறு வாரம்

தோழி ஒருத்தி தன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இது. அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். அவளுக்கு வயது 31, சென்னையில் வேலை. அம்மா கும்பகோணத்தில். இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போய், கடைசியில் மனநல மருத்துவரைப் பார்த்தாள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

போனில் சொல்ல முயன்றாள். அழுகை முந்திக்கொண்டது. "உனக்கு என்னடி குறை?" என்று அம்மாவும் பதறிப்போனார். அதனால்தான் கடிதம்.

முதலில் எழுதியது இரண்டே வரி: மனசு சரியில்லை, கொஞ்சம் பொறுமையா இரு. அதை அவளே கிழித்துப் போட்டாள். எத்தனை நாள், யார் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் எந்த அம்மா பொறுமையாக இருப்பார்? அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். பிறகு எழுதியது இது:

"அம்மா, இதுக்கு நீ காரணம் இல்ல. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. தலை வாரவே அரை மணி நேரம் ஆகுது. தலைவலி மாத்திரை மாதிரி இது உடனே கேக்காது, நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னார். ஆரம்பத்துல குமட்டலாம், பயப்படாதே. அதுவரைக்கும் 'சரியாயிடுச்சா'ன்னு மட்டும் கேக்காதே. ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி வீட்டுக் கதை சொல்லு. நான் பேசலேன்னாலும் வச்சுடாதே."

'சரியாயிடுச்சா' என்ற கேள்வியில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் தினமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருப்பவளுக்கு அது தினமும் தோற்கிற பரீட்சை. இந்த நோய் நேர்கோட்டில் குணமாவதும் இல்லை. பலருக்குத் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும். சந்தோஷம் மெதுவாகத்தான் வரும். இரண்டு நாள் முகம் தெளிந்ததும் "இனி மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் சொல்வார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும்; நோயும் திரும்பலாம். அவள் கடிதத்தில் இதை எழுத மறந்திருந்தாள். நான் சொன்ன பிறகு பின்குறிப்பாகச் சேர்த்தாள்.

ஒன்று மட்டும் கடிதத்துக்கு அடங்காது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், அல்லது டெலி மனாஸ் இலவச எண் 14416-ஐ அழைக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கடிதம் கிடைத்த அன்றே எட்டு மணிக்கு அம்மா அழைத்தார். கொல்லையில் முருங்கைக் கிளை முறிந்த கதையைச் சொன்னார். இவள் 'ம்' மட்டும் கொட்டினாள். ஒன்பதாம் நாள் வாய் தவறி "சரியாயிடுச்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தி, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினாராம்.