ஸ்டேட்டஸ் வைத்தும் ஆர்டர் வரவில்லையா?

மரவள்ளியும் ஜவ்வரிசியும் நிறைந்த ஆத்தூர் பகுதியில், வீட்டில் ஜவ்வரிசி வடகம் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இது.

ஸ்டேட்டஸ் தெரிய வேண்டுமானால் வாடிக்கையாளர் எண் உங்கள் போனிலும், உங்கள் எண் அவர் போனிலும் பதிவாகியிருக்க வேண்டும். உங்களிடம் 200 எண்கள் இருந்தும், பார்த்தவர் பட்டியலில் தினமும் அதே 40 பேர் மட்டும் வருகிறார்களா? மற்றவர்களில் பலர் உங்கள் எண்ணைப் பதியவில்லை எனலாம். புளூ டிக்கை நிறுத்தியவர்கள் பார்த்தாலும் பெயர் வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பொட்டலம் கொடுக்கும்போதே எண்ணைப் பதியச் சொல்லுங்கள்; லேபிளிலும் அச்சிடுங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். 'இன்று காய்ந்த வடகம், 12 கிலோ இருக்கிறது' போன்ற அன்றைய செய்திக்கே அது ஏற்றது. விலைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் கேட்டலாக் இருக்கிறது. கால் கிலோ, அரைக் கிலோ எனத் தனித்தனியாகப் படம், விலை போடுங்கள். கூரியர் செலவு தனி என்பதையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் விளக்கத்தில் எழுதுங்கள். ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்பவருக்கு அந்தப் பொருளை அதிலிருந்தே அனுப்பலாம்.

ஐப்பசி மழையில் வடகம் காயாது. அப்போது கேட்டலாக்கில் அதை மறைத்து வையுங்கள். வெயில் வந்ததும் மீண்டும் காட்டலாம்.