அலமாரிப் படத்தில் தேயிலை விலை

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில், மளிகைக் கடைக்குச் சென்ற பிள்ளை அலமாரியைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி, "எதை வாங்கட்டும் அம்மா?" என்று கேட்பது இன்று இயல்பாகிவிட்டது. அப்படத்தில் பெட்டியின் நிறம் மட்டும் தெளிவாக இருந்தால் போதாது. புரூக் பாண்ட் ரெட் லேபிள், ரெட் லேபிள் நேச்சுரல் கேர் இரண்டுக்கும் பெயரின் பெரும்பகுதி ஒன்றே. இரண்டாவதில் மூலிகைகள் சேர்ந்திருப்பதால் அது வேறு சரக்கு, வேறு விலை. ஆகவே பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழுள்ள சிறிய வரியையும், இலைத்தூளா டஸ்ட்டா என்பதையும் படித்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

நிகர எடை முகப்பின் அடியில் இருக்கும். விலையோ பெரும்பாலும் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். எனவே பொட்டலத்தைத் திருப்பி, குழல்விளக்கின் ஒளி பளபளப்புத் தாளில் படாதவாறு சற்றே சாய்த்து, இரண்டாவது படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே வகைத் தேயிலை, 16 கிராம் பொட்டலம் 10 ரூபாய், 100 கிராம் 56, 250 கிராம் 135, 500 கிராம் 275 என்று வைத்துக்கொள்வோம். விலையை எடையால் வகுத்தால், கிராமுக்கு முறையே 63, 56, 54, 55 காசுகள். இங்கே பெரிய பொட்டலம் மலிவானதன்று. இரண்டு 250 கிராம் வாங்கினால் 270 ரூபாய்தான். மாதம் அரை கிலோ செலவாகும் குடும்பம் சரத்தில் தொங்கும் சிறு பொட்டலங்களையே வாங்கிவந்தால், மாதத்திற்கு 42 ரூபாய் 50 காசு, ஆண்டுக்கு 510 ரூபாய் கூடுதலாகும். அன்றாடக் கூலியில் வாழ்வோர் 135 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது எளிதன்று என்பதும் உண்மையே.

இந்த வகுத்தலைச் சட்டமே நமக்காகச் செய்து தருகிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், அலகு விலையை அச்சிட வேண்டுமென்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு, மிகுந்தால் கிலோவுக்கு. அதே திருத்தம் தேயிலை உள்ளிட்ட பொருள்களுக்கான நிர்ணய எடைகளையும் நீக்கியது. ஆகவே பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு பெட்டிகளில் எடை வேறாக இருக்கலாம்.

அச்சிட்ட அலகு விலையில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. அது இரண்டு தசமத்தோடு நின்றுவிடும், 0.54 என்றே அச்சான இரு பொட்டலங்களுக்கிடையே கிலோவுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் வரை வேறுபாடு மறைந்திருக்கக்கூடும். மேலும் அது அதிகபட்ச விலையைக் கொண்டு கணக்கிட்டது. கடைக்காரர் தரும் தள்ளுபடி அதில் சேராது. மேற்சொன்ன 500 கிராமை ஒரு பெரிய கடையில் 260 ரூபாய்க்குத் தந்தால், கிராமுக்கு 52 காசு. சந்துக் கடையின் இரண்டு 250 கிராமைவிட 10 ரூபாய் மிச்சம். பேருந்துக் கட்டணம் அதற்குள் அடங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.