ஒரே பத்திரம், கணக்கில் இரண்டு பங்கு

ஒரு நிறுவனம் 1,000 ரூபாய் மதிப்புள்ள 10,000 மாற்றத்தக்க கடன் பத்திரங்களை வெளியிட்டு 1 கோடி ரூபாய் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை 3 ஆண்டு, வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். தவணை முடிவில் முதலீட்டாளர் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது ஒவ்வொரு பத்திரத்துக்கும் 10 பங்குகளை வாங்கிக்கொள்ளலாம்.

இதே நிறுவனம் பங்காக மாறாத சாதாரணக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால், சந்தை 10 சதவீத வட்டி கேட்டிருக்கும். அப்படியிருக்க, 6 சதவீதத்துக்கு முதலீட்டாளர் எப்படிச் சம்மதித்தார்? பங்காக மாற்றும் உரிமைக்கும் சேர்த்தே அவர் பணம் கொடுத்திருக்கிறார். அந்த விலை எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது இந்தியக் கணக்குத் தரமான ‘இண்ட் ஏ.எஸ். 32’.

முதலில் அளக்க வேண்டியது கடன். ஆண்டுதோறும் தரவேண்டிய 6 லட்சம் வட்டியையும், முடிவில் தரவேண்டிய 1 கோடியையும் 10 சதவீத விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், வட்டிக்கு 14.92 லட்சம், அசலுக்கு 75.13 லட்சம் என மொத்தம் 90.05 லட்சம் வருகிறது. அதுதான் கடன். மீதி 9.95 லட்சம் பங்கு மூலதனத்தின் பக்கம் போகிறது. இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பவர்கள் இதை ‘கூட்டு நிதிக் கருவிகளின் பங்குக் கூறு’ என்ற தலைப்பில் பார்க்கலாம்.

இதன் விளைவு லாப நட்டக் கணக்கில் தெரியும். முதல் ஆண்டில் கையிலிருந்து போவது 6 லட்சம்தான். செலவாக எழுதப்படுவதோ 90.05 லட்சத்துக்கு 10 சதவீதம், அதாவது சுமார் 9 லட்சம். இடைவெளியான 3 லட்சம் கடனோடு சேர, அது சுமார் 93.06 லட்சமாகிறது. இப்படியே வளர்ந்து மூன்றாம் ஆண்டு முடிவில் 1 கோடியைத் தொடும். பங்குக் கூறு மட்டும் 9.95 லட்சமாகவே நிற்கும். பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதை மறுபடி மதிப்பிடுவதில்லை.

இந்தப் பிரிப்பில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. அந்த 10 சதவீதம் நிர்வாகத்தின் மதிப்பீடு. அதை 12 சதவீதமாக எடுத்துக்கொண்டால் கடன் சுமார் 85.6 லட்சமாகச் சுருங்கி, நிறுவனம் கடன்சுமை குறைந்ததுபோலத் தோன்றும். அடுத்தது, எத்தனை பங்குகள் என்பது முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். அன்றைய சந்தை விலைக்கேற்ப எண்ணிக்கை மாறும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த உரிமையைப் பங்கு மூலதனமாகக் காட்ட முடியாது.

பங்கு விலை சரிந்தால் மாற்றும் உரிமையை யாரும் பயன்படுத்தமாட்டார்கள். கடன் முழுதாகத் திரும்பக் கேட்கப்படும். காற்றாலை நிறுவனமான சுஸ்லான், அந்நியச் செலாவணி மாற்றத்தக்க பத்திரங்களில் 20 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை 2012 அக்டோபரில் திருப்பித் தர முடியாமல் தவறியது. இத்தகைய பத்திரங்களை வெளியிட்ட நிறுவனத்தின் பங்கை வாங்குபவர், மாற்று விலையையும் இன்றைய சந்தை விலையையும் தவணைத் தேதியோடு சேர்த்துப் பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது.